கொஞ்சலும் சீண்டலும் தமிழில்: வசனம் எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆங்கிலத் தொடர்களுக்குத் தமிழில் சப்டைட்டிலும் டப்பிங் வசனமும் எழுதுவது என் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சண்டைக் காட்சியையும் நீதிமன்றக் காட்சியையும் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். இருவர் லேசாகச் சிரித்துக்கொண்டு ஒருவரையொருவர் சீண்டும் காட்சி வந்தால்தான் போன் வருகிறது. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்டவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"அர்த்தம் சரியாத்தான் இருக்கு. ஆனா படிச்சா அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கு. எங்க தப்பு?"

பெரும்பாலும் வாக்கிய அமைப்பில். 'ஐ கான்ட் ஸ்டாப் திங்கிங் அபௌட் யூ' என்ற வரியை எடுத்துக்கொள்வோம். 'உன்னைப் பற்றி நினைப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை' என்று எழுதினால் ஒரு சொல்கூட விடுபடவில்லை. ஆனால் காதலில் இருக்கும் எந்தத் தமிழரும் இப்படிப் பேசியதில்லை. 'நினைப்பதை நிறுத்துவது' என்ற கட்டுமானமே நம்முடையது இல்லை. நமக்கு நினைப்பு தானாக வரும், ஓடும், வாட்டும். அதை யாரும் நிறுத்தப் பார்ப்பதில்லை.

'எதைப் பாத்தாலும் உன் நெனப்புதான்.' இதில் வினைமுற்று இல்லை, 'நான்' இல்லை, 'முடியவில்லை' இல்லை. ஆங்கில வரியின் முழுக் கனத்தையும் 'தான்' சுமந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் கொஞ்சல் பெரும்பாலும் சொல்லிலும் குரலிலும் இருக்கும். தமிழிலோ அது வாக்கியத்தின் வாலில் உட்கார்ந்திருக்கும். தான், ஏ, ஆ, ஓ, இருக்கே, இல்ல, வாயேன், போறியாக்கும் எல்லாம் அந்த வால்தான். ஒரு வரி விறைப்பாகத் தெரிந்தால் முதலில் அதன் கடைசிச் சொல்லைப் பாருங்கள். 'கிறாய்', 'கின்றன', 'வில்லை' என்று முடிந்திருந்தால் பாதி நோய் அங்கேதான்.

"நான், நீ ரெண்டையும் எடுத்துட்டா யார் யாரைச் சொல்றாங்கன்னு குழம்பாதா?"

குழம்பாது. 'வந்தேன்', 'வந்த', 'வந்தீங்க' என்று வினையே ஆளைச் சொல்லிவிடுகிறது. எழுவாய் இல்லாமல் ஆங்கில வாக்கியம் நிற்காது, அதனால்தான் அங்கே வரிக்கு வரி வருகிறது. அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால், ஒவ்வொரு முறையும் பேசுகிறவர் தன்னைச் சுட்டிக் காட்டிக்கொள்வது போல் கேட்கும்.

ஆனால் 'நீ'யை முழுவதுமாகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதை இடம் மாற்றினால் அருமையாக வேலை செய்யும். 'நீ போ' என்பது வெறும் கட்டளை. 'போ நீ' என்றால் அதில் வெட்கமும் செல்லக் கோபமும் வந்துவிடுகிறது. 'என்னதான் வேணும் உனக்கு?', 'சரியான ஆளுதான் நீ' என்று ஆளைச் சுட்டும் சொல்லைப் பின்னால் தள்ளும் வழக்கம் நம் பேச்சில் தாராளமாக உண்டு. சீண்டல் காட்சிகளில் நான் அதிகம் நம்பும் கருவி இதுதான்.

"'ஐ லவ் யூ'வுக்கு என்ன போடறது? 'நான் உன்னைக் காதலிக்கிறேன்'னு யாருமே சொல்றதில்லையே."

காட்சி இன்றைய காலம் என்றால் 'ஐ லவ் யூ' என்றே விடுங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக் குழந்தை அம்மாவிடம் சொல்வதும் அதைத்தான். அதை மாற்றினால்தான் உறுத்தும்.

சிக்கல் வேறு இடத்தில் வரும். முதலில் 'ஐ லைக் யூ' என்கிறார்கள், நாலு எபிசோடு கழித்து 'லவ்' என்ற சொல் வருகிறது, அந்த வித்தியாசத்தை வைத்தே கதை நகர்கிறது. அங்கே முதல் இடத்துக்கு 'உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு' என்று போட்டுவிட்டால் கையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிடும். ஏனென்றால் தமிழில் 'பிடிச்சிருக்கு' என்பதே ஏறத்தாழ முழுக் காதல் அறிவிப்பு, பெண் பார்க்கப் போன வீட்டில் சொன்னால் கல்யாணமே நிச்சயமாகிவிடும். ஆகவே முதல் 'லைக்'கைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். 'உங்கூடப் பேசிட்டு இருந்தா நல்லாருக்கு' போதும். 'பிடிச்சிருக்கு' அடுத்த படிக்கு, 'ஐ லவ் யூ' அதற்கும் அடுத்த படிக்கு.

19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நடக்கும் கதையென்றால் 'ஐ லவ் யூ' பொருந்தாது. தமிழ்ப் பேச்சுக்குள் அந்தச் சொற்றொடர் வந்தால் அது இன்றைய கல்லூரி வாசலைத்தான் நினைவூட்டும். 'உங்க மேல உயிரையே வெச்சிருக்கேன்' போன்ற வரி அந்த உடைக்கும் அறைக்கும் ஒத்துப்போகும்.

"'யூ'வுக்கு நீயா, நீங்களா? டா, டி எப்ப சேர்க்கலாம்?"

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஆங்கிலத்தில் முதல் நாள் சந்தித்தவருக்கும் இருபது வருட மனைவிக்கும் ஒரே 'யூ'. தமிழில் நீங்கள் முடிவெடுத்தே ஆகவேண்டும், அந்த முடிவுதான் காதல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்லும். அதனால் எழுத உட்காரும் முன் தொடர் முழுவதையும் பார்த்துவிட்டு, 'நீங்க' எந்த எபிசோடில், எந்த வரியில் 'நீ' ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது முத்தக் காட்சியில் இருக்காது. அதற்கு முன்னால், ஒருவர் மற்றவரைப் பார்த்து முதல்முறை உண்மையாகக் கவலைப்படும் இடத்தில் இருக்கும். 'உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?' என்று கேட்டவர், அடுத்த மூச்சில் 'ஏன் எங்கிட்ட சொல்லல நீ?' என்று கேட்டால் போதும், பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

நடுவில் ஒரு கட்டம் உண்டு. 'நீங்க' என்றால் தள்ளி நிற்பது போலவும் 'நீ' என்றால் உரிமை எடுத்துக்கொள்வது போலவும் இருக்கும் அந்த இரண்டுங்கெட்டான் நாட்கள். அப்போது நிஜ மனிதர்கள் என்ன செய்கிறார்கள்? இரண்டையும் தவிர்க்கிறார்கள். 'சாப்பிட்டாச்சா?', 'கிளம்பியாச்சா?', 'என்ன, இன்னிக்கு லேட்டு?', 'எங்க போறதா உத்தேசம்?' இவற்றில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. அந்த நழுவலே ஒரு தயக்கத்தைக் காட்டுகிறது. இரண்டு எபிசோடுகளை இப்படியே ஓட்டலாம், யாரும் கவனிக்க மாட்டார்கள், ஆனால் உணர்வார்கள்.

டா, டி விஷயத்தில் நிதானம் வேண்டும். பெண் ஆணை 'டா' போடுவது நட்பிலேயே சகஜம். ஆண் பெண்ணை 'டி' போட்டால், அதற்கு முன் நல்ல நெருக்கம் நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதாநாயகன் திமிர் பிடித்தவனாகத் தெரிவான், மூலத்தில் அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சரி. 'நீ'க்கு வந்த பிறகு திரும்ப 'நீங்க'வுக்குப் போவதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று நிஜச் சண்டை. இன்னொன்று கிண்டல்: 'மேடம் இன்னிக்கு ரொம்ப பிஸியோ?' இரண்டாவதை ஆசை தீரப் பயன்படுத்துங்கள்.

"பேபி, ஹனி, ஸ்வீட்ஹார்ட் எல்லாத்துக்கும் 'அன்பே'ன்னு போடலாமா?"

வேண்டாம். 'அன்பே', 'கண்ணே' இரண்டும் பாட்டுக்கும் கடிதத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. பேச்சில் வந்தால் நாடகம் போடுகிறார் என்றுதான் அர்த்தம். புழக்கத்தில் இருப்பவை செல்லம், தங்கம், கண்ணு, பட்டு, அம்மு, குட்டி. இளவயது ஜோடி என்றால் 'பேபி'யையே வைத்துக்கொள்ளலாம், அதுவும் நம் ஊரில் புழங்குகிற சொல்தான். 'லூசு' என்பதையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொல்லும் 'ஏய் லூசு' பல வீடுகளில் 'டார்லிங்'கைவிட நெருக்கமானது.

எண்ணிக்கையையும் கவனியுங்கள். அமெரிக்கத் தொடரில் ஒரே காட்சியில் ஐந்து 'பேப்' வரும். தமிழில் ஒன்று போதும், அதையும் மிக மென்மையான வரிக்கு மட்டும் வையுங்கள். மீதி நான்கை 'ம்', 'ஏய்', 'இல்ல?' என்று கரைத்துவிடலாம்.

எல்லா 'ஹனி'யும் காதல் இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண்மணி, வருகிறவர் எல்லோரையும் 'ஹன்' என்பார். அங்கே 'செல்லம்' போட்டால் காட்சியே திசைமாறிவிடும். 'என்ன கண்ணு வேணும்?' என்றால் அந்தப் பாசம் சரியாக வந்துவிடும்.

"'யூ லுக் ஹாட்' வந்தா என்ன பண்றது? 'சூடா இருக்க'ன்னு எழுத முடியாதே."

எழுதினால் காய்ச்சல் என்று நினைப்பார்கள். ஹாட், கார்ஜியஸ், ஸ்டன்னிங் எல்லாம் ஆளுக்கு அடைமொழி சூட்டும் சொற்கள். நம் பேச்சில் அழகை நேராக வர்ணிப்பது குறைவு. பார்த்தவருக்கு என்ன ஆனது என்று சொல்வதுதான் அதிகம். 'செமயா இருக்க' என்பது பொதுவான, பாதுகாப்பான வழி. ஆனால் 'என்ன, ஆளே மாறியாச்சு?', 'இப்படி வந்து நின்னா நான் எப்படி வேலை பாக்குறது?', 'கண்ணு பட்டுடும்' ஆகியவற்றில் பேசுகிறவரும் தெரிகிறார்.

கண்ணைப் புகழும் வரிகளுக்கும் இதே வழிதான். 'உனக்கு அழகான கண்கள் இருக்கின்றன' என்பது கண் மருத்துவர் சொல்வது. 'உன் கண்ணு இருக்கே...' என்று ஆரம்பித்து முடிக்காமல் விடுங்கள். 'இருக்கே' என்பதற்குப் பிறகு வரும் மௌனம்தான் அங்கே பாராட்டு. எதிரில் இருப்பவர் 'இருக்கு, அதுக்கென்ன?' என்று கேட்பதற்கும் அது இடம் கொடுக்கிறது.

ஒரு எச்சரிக்கை. 'சுத்திப் போடணும்' என்ற வரி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பாஸ்டனில் இருக்கும் ஐரிஷ் வம்சாவளிப் பெண்ணின் வாயில் அது வரக் கூடாது. உப்பும் மிளகாயும் கையில் எடுக்கும் சடங்கு அதில் இருக்கிறது. 'கண்ணு பட்டுடும்' அளவுக்கு நிறுத்திக்கொண்டால், பேச்சு தமிழாகவும் ஆள் பாஸ்டன்காரியாகவும் இருப்பார்.

"'ஐ மிஸ் யூ'வை 'உன்னை மிஸ் பண்றேன்'னு விடலாமா?"

விடலாம், எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் குறை சொல்லும் தொனிக்குப் போங்கள். 'ஒரு போன் கூட இல்ல', 'ஞாபகம் இருக்கா என்னை?', 'பெரிய மனுஷங்க ஆயிட்டீங்க போல.' தமிழில் ஏக்கத்தைச் சொல்லும் மிகப் பழைய வழி இந்தப் பொய்க்கோபம். திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் (131 முதல் 133 வரை) ஊடலைப் பற்றியவைதான். அதில் 1317-ஆம் குறளில் அவன் தும்முகிறான். அவள் வாழ்த்துகிறாள், மறுகணமே 'யார் நினைத்ததால் தும்மினீர்?' என்று அழுகிறாள்.

அந்த நம்பிக்கை இன்னும் நம் பேச்சில் இருக்கிறது. 'ஐ வாஸ் திங்கிங் அபௌட் யூ டுடே' என்ற வரிக்கு, காட்சி இடம் கொடுத்தால், 'மத்தியானம் புரையேறுச்சா? நான்தான்' என்று எழுதலாம். ஆனால் படத்தில் பேசுகிறவர்கள் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளாக இருந்தால் மட்டும். மற்றவர்களுக்கு முதல் பதிலில் சொன்ன 'உன் நெனப்புதான்' போதும்.

"'ஆர் யூ ஃப்ளர்ட்டிங் வித் மீ?' இதுக்குத் தமிழ்ல ஒரே வார்த்தை இல்லையே?"

ஒன்று இல்லை, நாலைந்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு செய்கை. தூரத்திலிருந்து பார்ப்பது சைட் அடிப்பது. பேச்சை வளர்த்துக்கொண்டே போவது கடலை போடுவது. ஆசையை மறைக்கத் தெரியாமல் இளிப்பது வழிவது. திட்டம் போட்டு நெருங்குவது ரூட் விடுவது. காட்சியில் அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு எடுங்கள். 'என்ன, வழியிறீங்களா?' என்று ஒரு பெண் கேட்டால் மேல்கை அவளுடையது, அவர் கொஞ்சம் அசடாகிவிடுவார். 'ரூட் விடுறியா?' என்றால் அவரைக் கெட்டிக்காரராக ஒப்புக்கொள்கிறாள்.

கேட்பவர் நாற்பதைத் தாண்டியவர், அலுவலகச் சூழல் என்றால் இந்தச் சொற்கள் எல்லாமே சற்றுச் சின்னப் பிள்ளைத்தனமாகிவிடும். 'இப்ப நீங்க பேசுறது வேலை விஷயம் மாதிரி தெரியலையே?' என்று சுற்றிப் போவது அங்கே அழகு.

"முதல்முறை பேச்சுக் கொடுக்கச் சொல்ற பிக்-அப் லைனை என்ன பண்றது?"

முதலில் அந்த வரி காட்சியில் ஜெயிக்கிறதா தோற்கிறதா என்று பாருங்கள். 'சொர்க்கத்திலிருந்து விழுந்தபோது வலித்ததா?' என்று பெண்ணைத் தேவதையாக்கும் வகை வரி ஆங்கிலத்திலேயே அரதப் பழசு. அதைச் சொல்லும் பாத்திரம் அசடு வழியவேண்டும், அவள் கண்ணை உருட்டவேண்டும் என்பதுதான் காட்சி. அதை அழகாக மொழிபெயர்த்தால் காட்சி கெட்டுவிடும். நம் ஊர் அரதப் பழசை எடுத்து வையுங்கள்: 'உங்களை எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே.' அவளுடைய பதில் தானாக வரும்: 'இதைவிடப் பழசு எதுவும் கிடைக்கலயா?'

பின்னால் எங்காவது அந்தத் தேவதையோ சொர்க்கமோ திரும்ப வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்யவேண்டும். மூன்றாவது எபிசோடில் அவன் அவளுக்கு இறக்கை வைத்த பொம்மை வாங்கித் தருகிறான் என்றால் உங்கள் கை கட்டப்பட்டுவிட்டது. அப்போது 'வானத்துலேர்ந்து விழுந்தீங்களே, அடி ஏதும் படலையே?' என்று பொருளை வைத்துக்கொண்டு தொனியை மட்டும் மாற்றலாம்.

"பேச்சு வழக்குல எழுதணும்னா எவ்வளவு தூரம் போகணும்? 'பாக்குறேன்'னா 'பாக்கறேன்'னா?"

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொடர் முழுக்க அதையே பிடித்துக்கொள்ளுங்கள். சப்டைட்டில் வந்து மறைவதற்குள் படித்தாகவேண்டும், அதனால் கண்ணுக்குப் பழகிய வடிவமே நல்லது. நான் வினை முடிவுகளைப் பேச்சுக்கு மாற்றுவேன், பெயர்ச்சொற்களை அதிகம் தொடமாட்டேன். 'வந்தேன்' என்பதில் கடைசி ன் பேச்சில் மூக்கோடு கரைந்துவிடும், ஆனால் 'வந்தே' என்று எழுதினால் வேறு சொல்லாகத் தெரியும். அதனால் ன், ம் இரண்டையும் விட்டுவைக்கிறேன். டப்பிங் தாளில் இந்தக் கவலையே வேண்டாம், பேசுகிறவர் தானே மாற்றிக்கொள்வார்.

"எந்த ஊர்த் தமிழ்? ஈழத்துக்காரங்க பாத்தா இது அவங்களுக்கு ஒட்டுமா?"

லண்டனிலும் நியூயார்க்கிலும் நடக்கும் கதைக்கு எந்த மாவட்டத்தின் முத்திரையும் இல்லாத பொதுப் பேச்சுத் தமிழே சரி. 'ஏனுங்க' போட்டால் கோயம்புத்தூர், 'ஏ புள்ள' போட்டால் தெற்கத்திக் கிராமம் வந்துவிடும்.

ஆனால் டொரொண்டோவிலோ லண்டனிலோ வளர்ந்த ஈழத்துக் குடும்பத்துப் பாத்திரம் இருந்தால் அவர்களுடைய பேச்சைக் கொடுக்காமல் விடுவது அநியாயம். மேலே நீ, நீங்க என்று நான் பட்ட பாடெல்லாம் அங்கே பாதியாகக் குறையும். யாழ்ப்பாணப் பேச்சில் இரண்டுக்கும் நடுவில் 'நீர்' இருக்கிறது. 'என்ன செய்யிறீர்?', 'இஞ்ச வாரும்' என்று கணவன் மனைவியிடம் பேசுவதில் மரியாதையும் உரிமையும் சேர்ந்தே இருக்கின்றன. இதை எழுத அந்தப் பேச்சில் வளர்ந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக்காரர் காதால் கேட்டு எழுதும் யாழ்ப்பாணத் தமிழ் இரண்டாவது வரியிலேயே பிசகிவிடும்.

"'மேல வந்து காபி குடிக்கிறியா?'ன்னு ராத்திரி பதினோரு மணிக்குக் கேட்கிறாங்க. அது காபி இல்லன்னு எப்படித் தெரிய வைக்கிறது?"

விளக்கவே விளக்காதீர்கள். நேரமும் முகமும் படத்தில் இருக்கின்றன. நீங்கள் பார்க்கவேண்டியது வினையின் வால் மட்டும். 'குடிக்கிறியா?' என்பது வெறும் கேள்வி. 'குடிச்சிட்டுப் போயேன்' என்பதில் அழைப்பு இருக்கிறது, மறுக்க இடமும் இருக்கிறது. வாயேன், இரேன், சொல்லேன் என்று முடியும் வடிவம் கெஞ்சலுக்கும் கட்டளைக்கும் நடுவில் நிற்பது. இரவுக் காட்சிகளில் இதைவிட உதவும் விகுதி கிடையாது. வரியைப் பச்சையாக்கினால் மூலத்தில் இருந்த நாசூக்கு போய்விடும், சுத்தமாக்கினால் காட்சியே புரியாது.

"சிரிச்சுகிட்டே சொல்ற 'ஸ்டாப் இட்'டும் நிஜமா சொல்றதும் ஒரே மாதிரிதானே எழுதியிருக்கு?"

இங்கேதான் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பாக இருக்கவேண்டும். விளையாட்டு மறுப்புக்கு நம்மிடம் நிறைய உண்டு: 'ச்சீ போ', 'போடா', 'போதும் போதும்', 'அய்யே'. இவற்றைக் கேட்டவர் இன்னும் ஒரு படி சீண்டலாம் என்று எடுத்துக்கொள்வார், எடுத்துக்கொள்ளலாம். அதனாலேயே நிஜ மறுப்பில் இவற்றில் ஒன்றுகூட வரக் கூடாது. அவள் முகம் இறுகிச் சொல்லும் 'ஸ்டாப் இட்'டுக்கு 'போடா' என்று எழுதினால், அடுத்த காட்சியில் அவள் புகார் கொடுக்கும்போது பார்ப்பவர்கள் அவளைக் குழப்பக்காரி என்று நினைப்பார்கள். அந்தக் கெடுதலைச் செய்தது நம் வரி.

நிஜ மறுப்பு வாலில்லாமல் இருக்கவேண்டும். 'வேண்டாம்.' 'நிறுத்துங்க.' 'கையை எடுங்க.' ஏ, ஆ, தான் எதுவும் ஒட்டக் கூடாது. இதுவரை 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தவள் இங்கே 'நீங்க' என்று மாறினால் இன்னும் தெளிவு. நாலாவது பதிலில் நிஜச் சண்டை என்று சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

"ஒரு காட்சியை முழுசா செஞ்சு காட்ட முடியுமா?"

பயிற்சிக்காக நானே எழுதி வைத்திருக்கும் ஒன்று. லண்டன், வெள்ளிக்கிழமை மாலை, மழை. ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் இருவர், இன்னும் 'நீங்க' கட்டம். அவள் வாசலில் நிற்கிறாள், அவன் வெளியே வருகிறான்.

'யூ வெயிட்டட் ஃபார் மீ?'
'டோன்ட் ஃப்ளாட்டர் யுவர்செல்ஃப். இட்ஸ் ரெய்னிங்.'
'யூ ஹேவ் அன் அம்ப்ரெல்லா.'
'இட்ஸ் அ ஸ்மால் அம்ப்ரெல்லா.'
'ஐ டோன்ட் மைண்ட் ஸ்மால்.'
'ஐ பெட் யூ டோன்ட்.'

சொல்லுக்குச் சொல் போனால் 'நீங்கள் எனக்காகக் காத்திருந்தீர்களா? உங்களை நீங்களே புகழ்ந்துகொள்ளாதீர்கள்' என்று தொடங்கி, கடைசி வரியில் பந்தயம் கட்டி முடியும். நான் எழுதுவது:

'எனக்காகவா நின்னீங்க?'
'ஆசைதான். மழை பெய்யுது.'
'கையில குடை இருக்கே.'
'சின்னக் குடை.'
'சின்னதுன்னா இன்னும் நல்லது.'
'நல்லாத்தான் இருக்கும் உங்களுக்கு.'

முதல் வரியில் 'ஆ' வினையோடு சேராமல் 'எனக்காக'வோடு சேர்ந்திருக்கிறது. நின்றாளா என்பது கேள்வி இல்லை, அது கண்ணெதிரே தெரிகிறது. யாருக்காக என்பதுதான் கேள்வி. 'டோன்ட் ஃப்ளாட்டர் யுவர்செல்ஃப்' முழுவதும் 'ஆசைதான்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டது. 'இருக்கே' அவளைக் கையும் களவுமாகப் பிடிக்கிறது. நாலாவது வரியில் ஒட்டு எதுவும் போடவில்லை, ஏனென்றால் மாட்டிக்கொண்டவள் முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். கடைசி வரியில் 'உங்களுக்கு' பின்னால் போயிருக்கிறது, இரண்டாவது பதிலில் சொன்ன அதே இடமாற்றம். ஆறு வரியில் ஒரு 'நான்' இல்லை, ஒரு 'நீங்க' தனியாக இல்லை. அவள் காத்திருந்தாள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

"இதே வரிங்க டப்பிங்குக்கும் ஓடுமா?"

சில ஓடும், சில ஓடாது. சப்டைட்டிலில் படிக்கும் நேரம்தான் கட்டுப்பாடு. டப்பிங்கில் உதடு. முகம் திரையை நிறைக்கும்போது ப, ம இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அவற்றுக்கு உதடு முழுவதும் மூடவேண்டும். 'ஐ டோன்ட் மைண்ட் ஸ்மால்' என்று அவன் சொல்லும்போது 'மைண்ட்', 'ஸ்மால்' இரண்டிலும் உதடு மூடித் திறக்கிறது. 'சின்னதுன்னா இன்னும் நல்லது' என்பதில், 'இன்னும்' என்பதன் ம் பேச்சில் மூக்கோடு கரைந்துவிடுவதால், உதடு ஒருமுறைகூட முழுதாக மூடுவதில்லை. நல்ல வரி, ஆனால் குளோசப்பில் ஒட்டாது.

அந்த இடத்துக்கு 'சின்னதே போதுமே' என்று மாற்றுவேன். போ, மே என்ற இரண்டு மூடல்களும் ஏறத்தாழ அதே இடங்களில் விழுகின்றன, நீளமும் கிட்டத்தட்ட அதே. அப்படி மாற்றினால் அவளுடைய பதிலும் மாறவேண்டும். அவன் 'போதுமே' என்று முடித்ததைப் பிடித்துக்கொண்டு அவள் 'போதும், போதும்' என்கிறாள். மேலே விளையாட்டு மறுப்பு என்று சொன்னேனே, அதே சொல். அவள் அந்த நேரம் குடையை விரிக்கத் திரும்பிவிடுகிறாள் என்று வைத்துக்கொண்டால், அவள் உதட்டைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை.